பொம்மை மூச்சு விட்டது சரி, பிரசவ அறையில் என்ன ஆனது?

பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தையைக் காப்பாற்றப் பழக்கும் அந்தப் பொம்மைக்கு நியோநேட்டலி என்று பெயர். உள்ளே வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பினால் பிறந்த குழந்தையைப் போலவே கையில் கனக்கும், தலை துவளும். அதோடு குழாயில் இணைந்த ரப்பர் குமிழ்களைப் பயிற்சி கொடுப்பவர் கையில் வைத்துக்கொள்வார். அவர் அமுக்கினால் பொம்மை அழும், தொப்புள்கொடியில் நாடி துடிக்கும். அமுக்காமல் விட்டால் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும். அப்போது பயிற்சிக்கு வந்தவர் அதைத் துடைக்க வேண்டும், முதுகைத் தேய்த்துவிட வேண்டும், வாயில் அடைப்பு இருந்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கும் மூச்சு வராவிட்டால் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, நம் ஆஸ்பத்திரிகளில் ஆம்பு பேக் என்கிறார்களே, அந்தப் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்த வேண்டும். தலை சரியான சாய்வில் இல்லை என்றாலோ, மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிந்தாலோ பொம்மையின் மார்பு ஏறாது. இத்தனையும் பிறந்த முதல் ஒரு நிமிடத்துக்குள் நடக்க வேண்டும்.

தான்சானியாவின் வடக்கே, ஹைடம் என்ற ஊரில் ஒரு லுத்தரன் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அப்போது வருடத்துக்கு ஐயாயிரம் பிரசவங்கள் வரை பார்த்த கிராமப்புற மருத்துவமனை. 2010 ஏப்ரலில் அங்கே பிரசவம் பார்ப்பவர்களுக்கு இந்தப் பொம்மையை வைத்து ஒரு நாள் பயிற்சி நடந்தது. 'குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்' என்ற பொருளில் பெயர் வைத்து, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கூட்டாளிகளும் ஏழை நாடுகளுக்காக உருவாக்கிய பயிற்சி அது.

பயிற்சிக்கு முன்பு 39 பேரைப் பொம்மையோடு சோதித்திருந்தார்கள். மூச்சில்லாத குழந்தையைக் கையாளும் தேர்வில் தேறியவர்கள் 18 சதவீதம்தான். பயிற்சி முடிந்து ஏழு மாதம் கழித்து 27 பேரைச் சோதித்தபோது 74 சதவீதம் பேர் தேறினார்கள். நம்மூரில் எந்தப் பயிற்சித் துறையாக இருந்தாலும் இந்த இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஆண்டறிக்கையில் போட்டு, அடுத்த வருடத்துக்கு நிதி கேட்டிருக்கும்.

ஹைடமில் இன்னொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நிஜக் குழந்தைகள் பிறக்கும் அறையில் என்ன நடக்கிறது என்று. அங்கே முன்னேற்றம் எதுவும் இல்லை. உறிஞ்சி எடுக்கப்பட்ட, பை வைத்துக் காற்று செலுத்தப்பட்ட குழந்தைகளின் விகிதம் பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஒன்றாகவே இருந்தது. முதுகைத் தேய்த்துத் தூண்டிவிடுவது கூடுவதற்குப் பதில் குறைந்திருந்தது.

பயிற்சி பலித்ததா இல்லையா என்று பார்க்க நான்கு கேள்விகள் கேட்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959, 60 வாக்கில் பயிற்சியாளர்களுக்கான ஒரு பத்திரிகையில் தொடர் கட்டுரைகளாக எழுதியது. வந்தவர்களுக்குப் பிடித்ததா? கற்றுக்கொண்டார்களா? வேலைக்குப் போனபின் அதைச் செய்கிறார்களா? செய்ததால் நிறுவனம் விரும்பிய பலன் கிடைத்ததா? எதிர்வினை, கற்றல், நடத்தை மாற்றம், விளைவு என்று எச்.ஆர். ஆட்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். முக்கோணமாகவோ படிக்கட்டாகவோ வரைந்தும் காட்டுவார்கள். அந்தப் படத்தில்தான் வம்பே. ஒரு படி ஏறினால் அடுத்தது தானாக வந்துவிடும் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. ஹைடமில் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. இரண்டையும் தனித்தனியே அளந்ததால்தான் அது கண்ணில் பட்டது.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஃபீட்பேக் ஃபார்ம் என்ற அந்த ஒற்றைத் தாள் எப்படி நிரப்பப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சான்றிதழ் கையில் வர வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பயிற்சி கொடுத்தவர் எதிரிலேயே நிற்கிறார். ஐந்துக்கு ஐந்து போட்டுக் கொடுத்துவிடுவோம். நானும் பயிற்சி கொடுத்த காலத்தில் இந்தத் தாள்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு தடவை மிகக் குறைந்த மதிப்பெண் வந்தது. என்னவென்று பார்த்தால், மத்தியானம் சாப்பாடு தாமதமாக வந்த நாள்!

பிடித்திருப்பதற்கும் கற்றுக்கொள்வதற்கும் தொடர்பு மிக மெல்லியது. இதைப் பற்றி வந்திருந்த ஆய்வுகளை 1997இல் சில உளவியலாளர்கள் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, 'பயிற்சி பிடித்திருந்தது' என்ற மதிப்பெண்ணுக்கும் கற்றலுக்கும் இடையே தொடர்பு ஏறக்குறைய பூஜ்ஜியம் என்று வந்தது. 'இது என் வேலைக்கு உதவும்' என்று சொன்னவர்களிடம் மட்டும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. 2019இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் செய்த சோதனை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டிப் படித்த வகுப்பில் மாணவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் அதிகம் கற்றதாக அவர்களுக்குத் தோன்றியது, ஆசிரியர் சரளமாகப் பேசி, தாங்கள் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பில். கஷ்டப்பட்டது அவர்களுக்குப் புரியாததுபோல் பட்டிருக்கிறது.

அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப்போட வேண்டியதில்லை, கேள்வியை மாற்றினால் போதும். 'பயிற்சியாளர் எப்படி?' என்பதற்குப் பதில், 'நாளை உங்கள் வார்டில் ஒரு குழந்தை அழாமல் பிறந்தால் முதலில் என்ன செய்வீர்கள், அதைச் செய்ய விடாமல் அங்கே எது தடுக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். ஐந்துக்கு எத்தனை என்று போட முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். மாஸ்க் அலமாரியில் பூட்டியிருக்கிறது, சாவி தலைமை நர்ஸிடம் இருக்கிறது என்று யாராவது ஒருத்தர் எழுதுவார். மூன்றாம் கேள்விக்கான பாதிப் பதில் அன்றைக்கே கையில் கிடைத்துவிடும்.

இரண்டாவது, கற்றல். இதில் ஹைடம்காரர்கள் மூன்று விஷயங்களைச் சரியாகச் செய்தார்கள். பயிற்சிக்கு முன்பே ஒரு தேர்வு வைத்தார்கள். அது இல்லாவிட்டால், ஏற்கெனவே தெரிந்தவர்கள் தேறியதைப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுவோம். தேர்வு தாளில் இல்லை, கையில் இருந்தது. பொம்மையோடு ஒவ்வொருவரும் செய்ததை வீடியோ எடுத்து, இருவர் தனித்தனியே பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அப்புறம், பின்தேர்வை அன்று மாலையே வைக்காமல் ஏழு மாதம் பொறுத்து வைத்தார்கள். அன்று மாலை வைத்தால் அரை நாள் ஞாபகத்தைத்தான் அளக்க முடியும்.

குறை ஒன்று உண்டு. முன்பு சோதித்தது 39 பேரை, பின்பு 27 பேரை. கூட்டம் சிறியது, அதுவும் இடையில் குறைந்திருக்கிறது. ஆனாலும் 18க்கும் 74க்கும் உள்ள தூரம், இந்தக் குறையால் மட்டும் வந்ததாக நினைக்க முடியாத அளவு பெரியது. கற்றுக்கொண்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஏழு மாதம் கழித்தும் கை மறக்கவில்லை.

அப்படியானால் நிஜக் குழந்தையிடம் அந்தக் கை ஏன் போகவில்லை?

இங்கேதான் ஹைடமின் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஆராய்ச்சி உதவியாளர்களைப் பயிற்றுவித்து, இரவும் பகலும் ஷிஃப்ட் போட்டுப் பிரசவ அறையில் நிறுத்தியிருந்தார்கள். அவர்களின் வேலை கையில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்று குறித்துக்கொள்வது மட்டும். குழந்தை எப்போது வெளியே வந்தது, எப்போது துடைத்தார்கள், உறிஞ்சினார்களா, பை எடுக்க எத்தனை வினாடி ஆனது என்று. இந்தக் கணக்கெடுப்பு பயிற்சிக்கு முன்பே தொடங்கிவிட்டது. பயிற்சிக்கு முன் 2745 பிறப்புகள், பின் 3116 பிறப்புகள் என்று அவர்களிடம் பதிவு இருந்தது.

நடத்தை மாற்றத்தை அளக்கிறேன் என்று கிளம்பும் பெரும்பாலானோர் மூன்று மாதம் கழித்து ஒரு ஈமெயில் அனுப்புவார்கள்: 'கற்றதைப் பயன்படுத்துகிறீர்களா?' ஆம் என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நாம் என்ன செய்கிறோம் என்று நமக்கே சரியாகத் தெரியாது, அதிலும் அவசரத்தில் செய்வது சுத்தமாகத் தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் பை வைத்ததாக மனதார நம்பும் நர்ஸ் இரண்டரை நிமிடம் எடுத்திருக்கலாம். ஸ்டாப் வாட்ச்தான் அதைச் சொல்லும்.

அந்த வினாடிகள் சும்மா இல்லை. இதே ஆஸ்பத்திரியின் பதிவுகளிலிருந்து வந்த இன்னொரு கணக்கு: மூச்சில்லாத குழந்தைக்குக் காற்று செலுத்துவது ஒவ்வொரு 30 வினாடி தாமதமாகும்போதும், குழந்தை இறக்கும் அல்லது நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க நேரும் அபாயம் 16 சதவீதம் கூடுகிறது. ஆகவே அங்கே எண்ணத் தகுந்த நடத்தை எது என்று தெரிந்திருந்தது. பயிற்சியை மதிப்பிடுபவர்கள் இதைத்தான் அடிக்கடி கோட்டைவிடுகிறார்கள். 'குழுவாகச் செயல்படுதல் மேம்பட்டது' என்று எழுதுவார்கள். யாரும் அதைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது. பிறந்ததிலிருந்து முதல் காற்று போகும்வரை எத்தனை வினாடி என்பதை எண்ணலாம்.

பள்ளம் ஏன் விழுந்தது என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓரளவு விடை தெரியும். வருடத்துக்கு ஐயாயிரம் பிரசவம், அதில் 7 சதவீதம் குழந்தைகளுக்குப் பை தேவைப்படுகிறது. அதாவது ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் சராசரியாக நாளொன்றுக்கு ஒன்று. மூன்று ஷிஃப்ட், பல கைகள். ஒரு குறிப்பிட்ட நர்ஸ் கையில் அப்படி ஒரு குழந்தை வருவதற்கு வாரங்கள் ஆகலாம். வரும்போது முன்னறிவிப்போடும் வராது. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி வலியில் கத்திக்கொண்டிருப்பாள், தாய்க்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும், உதவிக்கு ஆள் இருக்க மாட்டார்கள். பயிற்சி அறையில் 'இப்போது உங்கள் முறை' என்று சொல்லிப் பொம்மையை நீட்டியபோது இவை எதுவும் இல்லை. கைக்குத் தெரிந்திருந்தது, ஆனால் இதுதான் அந்தத் தருணம் என்று அந்த அமளியில் உறைக்க வேண்டுமே.

வழக்கமாக இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? இன்னொரு நாள் பயிற்சி வைப்பார்கள். 'ரெஃப்ரெஷர்' என்று பெயர். ஏற்கெனவே தேறியவர்களை மறுபடி தேற வைப்பதில் என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லை. ஹைடமில் பொம்மையை வகுப்பறையிலிருந்து எடுத்துப் பிரசவ வார்டுக்குக் கொண்டுபோனார்கள். 2011 பிப்ரவரி முதல், வேலை நேரத்திலேயே, வாரம் ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடம் அந்தப் பொம்மையோடு பயிற்சி. மாதம் ஒருமுறை 40 நிமிடம் சற்று விரிவாக. இதை நடத்திச் செல்வதற்கு வெளியிலிருந்து யாரும் வரவில்லை, அங்கேயே வேலை பார்ப்பவர்களில் சிலரிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

அதற்கு முந்தைய ஒரு வருடத்தையும் பிந்தைய ஒரு வருடத்தையும் ஒப்பிட்டபோது, இந்த முறை பிரசவ அறையில் மாற்றம் தெரிந்தது. முதுகைத் தேய்த்துத் தூண்டப்பட்ட குழந்தைகள் 14.5 சதவீதத்திலிருந்து 16.3 ஆகக் கூடினார்கள். உறிஞ்சி எடுக்கப்பட்டவர்கள் 13லிருந்து 15.8 சதவீதமானார்கள். பை வைக்கப்பட்டவர்களோ 7.3லிருந்து 5.9 சதவீதமாகக் குறைந்தார்கள்.

கடைசி எண்ணில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பயிற்சியின் உச்சமே பை வைப்பதுதான். அது குறைந்திருக்கிறது. 'பை வைத்தவர்கள் எத்தனை பேர்' என்ற ஒற்றை எண்ணை மட்டும் இலக்காக வைத்திருந்தால் இந்தப் பயிற்சி தோற்றது என்று எழுதியிருப்பார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் தேய்ப்பது, உறிஞ்சுவது, அப்புறம்தான் பை. முதல் இரண்டையும் உடனே செய்தால் கொஞ்சம் குழந்தைகள் அங்கேயே அழுதுவிடும், பை வரை போகத் தேவையிருக்காது. மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் கதை புரியும். எண்ணிக்கை கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று முன்கூட்டியே முடிவுகட்டும் டாஷ்போர்டுகள் இந்த மாதிரி இடத்தில்தான் குப்புற விழும்.

சரி, நான்காவது கேள்வி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1லிருந்து 7.2 ஆகக் குறைந்தார்கள். தலைக்கணக்காக ஏறத்தாழச் சொன்னால் 4894 பிரசவங்களில் 54 என்பது, 4814 பிரசவங்களில் 35 ஆனது. முந்தைய வருடத்தின் பெரும்பகுதி அந்த ஒரு நாள் பயிற்சிக்குப் பிந்தைய காலம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த 54 சாவுகளில் பலவும், பொம்மையிடம் 74 சதவீதம் தேறிய ஊழியர்கள் இருந்த ஆஸ்பத்திரியில் நடந்தவை.

இதை அப்படியே நம்பிவிடலாமா? நான் முக்கால்வாசி நம்புகிறேன், கால்வாசி கையில் வைத்துக்கொள்கிறேன். ஒப்பிடுவதற்கு, பயிற்சி கொடுக்காத இன்னொரு ஆஸ்பத்திரி இதில் இல்லை. முன்பு, பின்பு என்று மட்டும் பார்க்கும்போது அந்த வருடத்தில் வேறு என்னென்ன மாறியது என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். மருத்துவர் யாராவது புதிதாக வந்தாரா, ஆபத்தான பிரசவங்கள் வேறு ஊருக்குப் போனதா என்று கேட்டுக்கொண்டே போகலாம். 19 சாவுகளின் வித்தியாசம் தற்செயலாக வரும் எல்லைக்குச் சற்றுத்தான் வெளியே இருக்கிறது. நம்ப வைப்பது மூன்றாம் நிலையில் கிடைத்த எண்கள்தான். பிரசவ அறையில் செய்வது முதலில் மேம்படாமலிருந்தது, சாவு அதிகமாக இருந்தது. அப்புறம் செய்வது மாறியது, சாவு குறைந்தது. இடையிலுள்ள கண்ணி கண்ணில் படுவதால்தான் பலனைப் பயிற்சியோடு முடிச்சுப்போட மனம் துணிகிறது. மூன்றாவதை அளக்காமல் நேராக நான்காவதுக்குத் தாவியிருந்தால், 'சாவு குறைந்தது, நாங்கள்தான் காரணம்' என்று யார் வேண்டுமானாலும் வந்து மாலையைப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது மாறினால் நான்காவதும் மாறியே தீருமா? இதற்குப் பதில் நம் நாட்டிலேயே, உத்தரப் பிரதேசத்தில் கிடைத்தது. அந்தப் பதில் பலருக்கும் கசந்தது.

உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான பிரசவத்துக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. கை கழுவினீர்களா, ரத்த அழுத்தம் பார்த்தீர்களா, குழந்தை பிறந்ததும் தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டீர்களா, குழந்தையைத் தாயின் மேல் தோலோடு தோலாகப் படுக்க வைத்தீர்களா என்ற மாதிரி. கர்நாடகத்தின் கோகாக்கில் முதலில் ஒரு மருத்துவமனையில் செய்து பார்த்தபோது, 29 செயல்களில் சராசரியாக 10 மட்டும் நடந்துகொண்டிருந்த இடத்தில் 25 நடந்தன. நடத்தை மாற்றத்தில் இதைவிடப் பெரிய பாய்ச்சலைப் பார்ப்பது கஷ்டம்.

அதன்பின் உத்தரப் பிரதேசத்தில் 'பெட்டர்பர்த்' என்ற பெயரில் பெரிய சோதனை நடந்தது. முடிவுகள் 2017 டிசம்பரில் வெளிவந்தன. 120 சுகாதார நிலையங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் பட்டியலும் எட்டு மாதம் கோச்சிங்கும். ஒரு நாள் வகுப்பு எடுத்துவிட்டுப் போய்விடும் சமாச்சாரம் இல்லை. பயிற்றுநர்கள் திரும்பத் திரும்ப நேரில் போனார்கள், பிரசவம் பார்ப்பவர் அருகிலேயே நின்றார்கள், என்ன தடுக்கிறது என்று கேட்டுப் பேசினார்கள். ஹைடமில் ஒரு நாள் பயிற்சிக்கு இல்லாமல் போனது எதுவோ, அது இங்கே தாராளமாக இருந்தது.

ஒரு பகுதி நிலையங்களில் தனிப் பார்வையாளர்கள் நின்று எண்ணினார்கள். கோச்சிங் தொடங்கி இரண்டு மாதத்தில், அவசியமான 18 செயல்களில் 73 சதவீதம் நடந்தன. கோச்சிங் இல்லாத இடங்களில் 42 சதவீதம். ஒரு வருடத்தில், அதாவது கோச்கள் போனபின், 73 என்பது 62க்கு இறங்கியது. மற்ற பக்கம் 44. இறங்கினாலும் வித்தியாசம் மறையவில்லை. மூன்றாம் கேள்வியில் தெளிவான வெற்றி.

நான்காவதில்? தாய் இறப்பு, குழந்தை இறப்பு, தாய்க்குக் கடும் பாதிப்பு ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று பிரசவத்தை ஒட்டிய ஏழு நாளுக்குள் நடந்தவர்கள், கோச்சிங் கிடைத்த பக்கம் 15.1 சதவீதம், கிடைக்காத பக்கம் 15.3 சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்-சேய்களைப் பின்தொடர்ந்து பார்த்த கணக்கு இது. எண்ணிக்கை போதவில்லை என்று சாக்குச் சொல்ல வழியே இல்லை. வித்தியாசமில்லை, அவ்வளவுதான்.

இந்த முடிவைப் பார்த்துவிட்டுப் பயிற்சியே வீண் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. பட்டியலில் இருந்தவற்றில் பல, செய்தோமா இல்லையா என்று டிக் அடிக்கக்கூடியவை. உயிரைக் காப்பது பல நேரம் வேறு இடத்தில் இருக்கிறது: மூச்சில்லாத குழந்தைக்குச் சரியாகக் காற்று கொடுக்கும் கைத்திறன், ரத்தப்போக்கு நிற்காதபோது ரத்தம் ஏற்றும் வசதி, சிசேரியன் செய்யும் இடத்துக்கு நேரத்தில் கொண்டுபோகும் வண்டி. பத்தில் ஏழு செயல்கள் நடந்தும், விடுபட்ட மூன்றில் உயிர் போயிருக்கலாம். ரத்த அழுத்தம் பார்ப்பது கூடியிருக்கலாம், அது எகிறியிருப்பதைப் பார்த்தபின் செய்ய வேண்டியதைச் செய்ய அந்தச் சின்ன நிலையத்தில் மருந்தும் மருத்துவரும் வேண்டும். நான்காம் கேள்வியின் பதில் பயிற்சியின் கையில் மட்டும் இருப்பதில்லை. கட்டடம், மருந்து, ஆள் பலம், வண்டி எல்லாம் சேர்ந்து தரும் பதில் அது. இதைக் கண்டுபிடிக்கவும் மூன்றாவதையும் நான்காவதையும் தனித்தனியே அளந்தே ஆக வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் எண்ணாமல், சாவுக் கணக்கை மட்டும் வைத்திருந்தால், ஊழியர்கள் பட்டியலைத் தொடக்கூட இல்லை போலும் என்று பழியை அவர்கள் தலையில் போட்டிருப்பார்கள்.

இந்த இரண்டு இடங்களிலும் இருந்த ஆள், பணம், வண்டி எதுவும் சாதாரணமாகப் பயிற்சி நடத்துபவரிடம் இருக்காது. மாதம் முப்பது பிரசவம் பார்க்கும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 360. ஹைடமின் பழைய விகிதப்படி பார்த்தால் நான்கு சாவு, புதிய விகிதப்படி இரண்டோ மூன்றோ. ஒரு வருடம் நான்கு, மறு வருடம் இரண்டு என்று வந்தால் அதை வெற்றி என்று சொல்ல முடியாது. எந்தப் பயிற்சியும் இல்லாமலே இப்படி ஏறி இறங்கும். அடுத்த வருடம் ஐந்து வந்தால் அந்த நர்ஸ்களைத் திட்டவும் முடியாது. அந்த அளவில் நான்காம் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கவே கிடைக்காது. கிடைத்ததாகச் சொல்லும் அறிக்கையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அங்கே முயற்சியை மூன்றாம் கேள்வியில் குவிப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கும் பயிற்சியைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே உட்கார்ந்து கேட்க வேண்டியது: எந்தப் பலன் வேண்டும், அந்தப் பலனுக்கு மிக அருகில் நிற்கும், கண்ணால் எண்ணக்கூடிய செயல் எது? காற்று கொடுக்க எடுக்கும் வினாடிகள் போல ஒன்று. அதைப் பயிற்சிக்கு முன்பு ஒரு மாதமாவது எண்ணி எழுதி வைக்க வேண்டும். பயிற்சி முடிந்தபின் மூன்றாம் மாதம் ஒருமுறை, ஒரு வருடம் கழித்து ஒருமுறை மறுபடி எண்ண வேண்டும், பெட்டர்பர்த்தில் 73 என்பது 62 ஆனதுபோல இங்கே எவ்வளவு கரைந்தது என்று பார்ப்பதற்காக. எண்ணுபவர் பயிற்சி கொடுத்தவராக இருக்கக் கூடாது. அவரைப் பார்த்ததும் எல்லோரும் கை கழுவப் போய்விடுவார்கள்.

முன்கணக்கு எடுக்கும் இந்த ஒரு மாதத்தைத்தான் யாரும் தருவதில்லை. நிதி மார்ச்சுக்குள் செலவாக வேண்டும், ஹால் புக் ஆகிவிட்டது, பேனருக்கும் சொல்லியாகிவிட்டது என்பார்கள். ஒருமுறை நான் அந்த மாதத்தைக் கேட்டதற்கு, ஒரு அதிகாரி மிகவும் பரிவோடு சொன்னார்: "அதெல்லாம் பண்ணிக்கலாம் சார். மொதல்ல டிரெய்னிங்க முடிச்சுடுவோம்."